மல்லிகாவுக்கு, அந்த நான்கு மௌனங்களைப் பற்றி

அன்புள்ள மல்லிகா,

பதில் போடவில்லை என்று நீ திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலி மட்டும் பழையபடி. நீ கேட்டதைப் பெரியவரிடம் சொன்னேன். வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாப்பாவின் கட்டுரை விஷயத்துக்கு வருகிறேன். செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தைப் பற்றி அவள் இவ்வளவு எழுதுவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஓரத்தில் சிவப்பு மையில் "மேடைக் குறிப்புகளை வைத்துக் கற்பனை செய்யாதே, பாத்திரங்கள் பேசியதை மட்டும் எழுது" என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசியதை மட்டும் எழுதினால் நான்காம் அங்கத்தில் தோட்டத்தை வாங்கிய வியாபாரி லோபாகினும் வார்யாவும் தனியாக இருக்கும் காட்சியில் என்னடி மிஞ்சும்? காணாமல் போன சாமான், எழுபது வெர்ஸ்ட் தூரம், குளிர், உடைந்த வெப்பமானி. அவ்வளவுதான். ஒரு பெண்ணின் கல்யாணம் நடக்காமல் போகிறது என்பது அந்த வசனங்களில் ஒரு இடத்திலும் இல்லை. அது முழுக்க அடைப்புக்குறிகளுக்குள்தான் நடக்கிறது.

ஆத்திரம் அடங்கியதும் மறுபடி படித்தேன். திருத்தியவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாப்பா என்ன எழுதியிருக்கிறாள் பார்: "செகாவ் இந்தக் காட்சியில் நீண்ட, வேதனையான மௌனங்களைப் பயன்படுத்தி இறுக்கத்தை உண்டாக்குகிறார்." இந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து வேறு எந்த நாடகத்தின் எந்த மௌனத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் பொருந்திவிடும். அப்படிப் பொருந்தினால் அது இந்த மௌனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றுதானே ஆகிறது? அதோடு, மூலத்தில் 'இடைநிறுத்தம்' என்று மட்டும்தான் இருக்கிறது. 'நீண்ட', 'வேதனையான' இரண்டும் அவளே போட்டுக்கொண்டவை.

நீளத்தைப் பற்றி அவளுக்கு ஒரு செய்தி சொல். இந்த நாடகம் 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் மேடையேறியது. இரண்டு மாதம் கழித்து, அதில் நடித்துக்கொண்டிருந்த தன் மனைவி ஓல்கா நிப்பருக்கு செகாவ் ஒரு கடிதம் எழுதினார். அதிகம் போனால் 12 நிமிடத்தில் முடிய வேண்டிய நான்காம் அங்கம் உங்கள் அரங்கில் 40 நிமிடம் ஓடுகிறது, இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என் நாடகத்தைக் கெடுத்துவிட்டார் என்று அதில் கொதித்திருக்கிறார். நாடகத்துக்குள்ளேயே லோபாகின் ரயிலுக்கு இன்னும் 46 நிமிடம்தான், 20 நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்று எல்லாரையும் விரட்டுகிறான். ஆக, எழுதியவர் மனத்தில் இருந்தது அவசரம். மௌனம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பது இயக்குநர் கையில், நடிகர் கையில். கட்டுரை எழுதுபவர் கையில் இருப்பது அது எங்கே விழுகிறது, அதற்கு முன்னால் பேசியது யார், பின்னால் வாய் திறந்தது யார், திறந்து என்ன சொன்னார் என்பது மட்டும். அது போதும். இந்தக் காட்சிக்கு அதுவே ஏராளம்.

புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படி. காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் வார்யாவை வளர்த்த தாய் லியுபோவ் அந்திரேயெவ்னா லோபாகினைப் பிடித்து, நீங்கள் ஏன் வார்யாவைக் கேட்கக் கூடாது என்கிறாள். அவனும் சரி, இப்போதே முடித்துவிடலாம் என்கிறான். கூடவே, நீங்கள் இல்லாவிட்டால் நான் கேட்கமாட்டேன் போலிருக்கிறது என்றும் சொல்கிறான். அவளோ வார்யாவைக் கூப்பிட்டுவிட்டு வேலைக்காரன் யாஷாவையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். அவன் தனியாக நின்று கடிகாரத்தைப் பார்த்து "ஆமாம்..." என்கிறான். இடைநிறுத்தம். அப்புறம் ஒரு மேடைக் குறிப்பு: கதவுக்குப் பின்னால் அடக்கிய சிரிப்பு, கிசுகிசுப்பு, கடைசியில் வார்யா நுழைகிறாள்.

இந்தச் சிரிப்பைப் பாப்பா ஒரு வரிகூட எழுதவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தவளின் மகள் அதை விடலாமா? நாம் இந்த நாடகத்தைப் போட்டபோது நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வார்யாவாக உள்ளே வந்த எனக்கு முதுகெல்லாம் கூசியது. வெளியே ஆள் நிற்கிறது, காது கொடுத்துக் கேட்கிறது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்த அறையில் எது பேசினாலும் ஒரு கூட்டத்துக்கு முன்னால் பேசுவதுதான். குளிரைப் பற்றிப் பேச்சு ஏன் வந்தது என்று தேடுகிறவர்கள் இங்கிருந்து தொடங்க வேண்டும்.

வார்யா வந்ததும் சாமான்களை வெகுநேரம் துழாவுகிறாள். எதையோ காணோம் என்கிறாள். எதைத் தேடுகிறாய் என்று அவன் கேட்கிறான். நானேதான் எடுத்து வைத்தேன், நினைவில்லை என்கிறாள். என்ன பொருள் என்று கடைசிவரை அவள் சொல்வதே இல்லை, அவனும் திருப்பிக் கேட்பதில்லை. இருவருக்கும் நடுவே விழும் முதல் இடைநிறுத்தம் இங்கே. அதைக் கலைப்பவன் லோபாகின்: இனி எங்கே போவீர்கள்? கேட்க வந்ததற்கு மிக அருகில் அவன் போனது இந்த ஒரு தடவைதான். அவளோ ரகூலின் வீட்டுக்கு, அவர்கள் வீட்டு நிர்வாகத்தைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறாள். அது யாஷ்னெவோவில்தானே, எழுபது வெர்ஸ்ட் இருக்கும் என்கிறான் அவன். இரண்டாவது இடைநிறுத்தம். அதையும் அவனே கலைக்கிறான்: ஆக, இந்த வீட்டு வாழ்க்கை முடிந்தது.

இந்த இடத்தில் பாப்பாவை நிற்கச் சொல். இரண்டாவது மௌனத்துக்கு முன்னாலும் லோபாகின், பின்னாலும் லோபாகின். நடுவில் வார்யாவின் முறை வந்து போய்விட்டது. அவள் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? கேட்க வேண்டியவன் அவன். அவளுக்கு இருப்பது காத்திருக்கும் உரிமை மட்டும். அதனால்தான் மறுபடி சாமானைப் பார்க்கிறாள், மறுபடி "எங்கே போயிற்று" என்கிறாள். அந்தத் தேடல்தான் அவள் அந்த அறையில் நிற்பதற்கு இருக்கும் ஒரே சாக்கு. தேடுவதை நிறுத்தினால் எதற்காக வந்தாள் என்பது வெளியாகிவிடும்.

பிறகு அவன் கார்க்கோவ் போவதாகச் சொல்கிறான், பண்ணைக்கு எபிகோதோவை வேலைக்கு வைத்திருப்பதாகச் சொல்கிறான். போன வருஷம் இந்நேரம் பனி பெய்தது, இப்போது வெயில், ஆனாலும் குளிர், உறைநிலைக்குக் கீழே மூன்று டிகிரி என்கிறான். நான் பார்க்கவில்லை என்கிறாள் வார்யா. மூன்றாவது இடைநிறுத்தம். அதன் பின்னால் வருவதும் அவள் குரல்: எங்கள் வெப்பமானியும் உடைந்துவிட்டது. இப்போது இரண்டு பக்கமும் வார்யா. முறையைத் தவறவிட்டவன் இந்தத் தடவை அவன். உடனே நான்காவது இடைநிறுத்தம். அதை இருவருமே கலைப்பதில்லை. வெளியிலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "இதோ!" என்று விரைந்து போய்விடுகிறான்.

முதல் இரண்டையும் அவன் உடைத்தான், மூன்றாவதை அவள் உடைத்தாள், நான்காவதை உடைக்க அறைக்குள் ஆளில்லை. காட்சியின் முழுக் கதையும் இந்த வரிசையில் இருக்கிறது மல்லிகா! இதில் எங்கே கற்பனை? ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டலாம். பாப்பா ஒவ்வொரு மௌனத்துக்கும் முன் வசனம், பின் வசனம் இரண்டையும் மேற்கோள் காட்டி எழுதட்டும். சிவப்பு மைக்காரர் அப்போது என்ன எழுதுவார் என்று பார்ப்போம்.

ஒரே ஒரு இடத்தில் அவள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவன் "இதோ" என்னும் இடத்தில் செகாவ் ஒரு குறிப்புப் போடுகிறார்: இந்த அழைப்புக்காக வெகுநேரமாகக் காத்திருந்தவனைப் போல. பாப்பா இதைப் பிடித்துவிட்டாள், கெட்டிக்காரி. ஆனால் "தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்த லோபாகின்" என்று எழுதிவிட்டாள். செகாவ் சொல்வது காத்திருந்தவனைப் போல என்று. வெளியே தெரிந்த தோற்றத்தைத்தான் சொல்கிறார், உள்ளே நுழையவில்லை. அந்தத் தயக்கத்தை அவளும் காப்பாற்ற வேண்டும். அவன் உண்மையில் லியுபோவை நேசித்தான், அதனால்தான் வாய் வரவில்லை என்று அடுத்த பத்தியில் போகிறாளே, அதை இந்த மௌனங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முதல் அங்கத்தில் அவன் லியுபோவிடம் பேசுவது இருக்கிறது. "நீங்கள் இல்லாவிட்டால் கேட்கமாட்டேன்" என்பது இருக்கிறது. அவற்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் அந்த எண்ணத்துக்குக் கால் முளைக்கும். மௌனம் தனியாகச் சாட்சி சொல்லாது, இன்னொரு வரி அதற்குத் துணை வர வேண்டும்.

இன்னொன்று. அவன் போனதும் கட்டுரை அடுத்த காட்சிக்குத் தாவிவிட்டது. இன்னும் ஒரு இடைநிறுத்தம் பாக்கி இருக்கிறது. வார்யா தரையில் உட்கார்ந்து துணி மூட்டையில் தலை வைத்து ஓசையில்லாமல் அழுகிறாள். லியுபோவ் மெல்ல உள்ளே வந்து "என்ன ஆச்சு?" என்கிறாள். இடைநிறுத்தம். "கிளம்ப வேண்டும்" என்கிறாள் லியுபோவே. கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஆனால் கேட்டவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது, அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். முந்தைய நான்கிலும் ஒருவருக்கொருவர் புரியாமல் நின்றார்கள். இங்கே புரிந்துவிட்டதால் பேச்சு நின்றது. ஒரே குறிப்பு, வேலை நேர்மாறு. அடுத்த வரியில் வார்யா கண்ணைத் துடைத்துவிட்டு, ஆமாம், நேரமாகிவிட்டது, இன்றைக்கே ரகூலின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், ரயிலை மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறாள். நான் ஒத்திகையில் இந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் நம்மை இயக்கிய தாடிக்காரர், அழுத குரலில் சொல்லாதே, அழுகை முடிந்தது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்று கத்துவாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் சொன்னது எத்தனை சரி என்று இந்த வாரம்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

கடைசி அங்கத்தின் கோடரிச் சத்தம், வானத்திலிருந்து வருவதுபோல் அறுந்த தந்தியின் ஓசை, எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடைத்திருக்கிறாள். அதை இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடச் சொல். அது தனிக் கட்டுரைக்கு உரியது. இந்த ஒரு காட்சி, ஐந்து இடைநிறுத்தம், கதவுக்குப் பின்னால் சிரிப்பு என்று வைத்துக்கொண்டால் பக்கம் போதாது அவளுக்கு.

திருத்தி எழுதியதை நேராக எனக்கே அனுப்பச் சொல், உன் வழியாக வேண்டாம், நீ நடுவில் செல்லம் கொடுத்துவிடுவாய். உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, போன கடிதத்திலும் இதையே எழுதினேன்.

அன்புடன்,
உன் சாரதா