உமாவுக்கு, பள்ளத்தூரிலிருந்து

அன்புள்ள உமா,

சித்திரையில் நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டாதே. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பத்தா இன்னும் உன் கொலுசைத்தான் கேட்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மதுரையில் டெஸ்ட் ட்யூப் வைத்தியம் ஆரம்பித்துவிட்டோம். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமே, தோசை மாவுக்குப் பின்னால் ஒரு தூக்குச்சட்டியில் ஒளித்து வைத்தேன். தினமும் ராத்திரி இவர்தான் வயிற்றுச் சதையைப் பிடித்துப் போட்டுவிடுவார்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், குறை இவருக்குத்தான். ஒரு மில்லியில் 16 மில்லியன் விந்தணுவுக்குக் கீழே போனால் குறைவு என்கிறார்கள். இவருக்கு 2. ஒரு டெஸ்டை வைத்து முடிவு கட்டமாட்டார்கள். அணு உருவாக இரண்டரை மாதம் பிடிக்குமாம், நடுவில் காய்ச்சல் வந்திருந்தால்கூட எண்ணிக்கை இறங்குமாம். இடைவெளி விட்டு மறுபடி பார்த்தார்கள். அதே கதை. அதனால் இக்ஸி, அதாவது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஒரு அணுவை ஊசியால் செலுத்துவது. முட்டை நிறைய வேண்டுமென்றால் மருந்து என் உடம்பில்தானே ஏறணும்? குறை அவருக்கு, குத்து எனக்கு.

படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பந்தியில் பெரிய ஆச்சி, "இவளுக்கு என்ன கோளாறோ, பேசாமல் பிள்ளை கூட்டிக்கிடுங்க" என்றார்கள். இவர் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குத்தான் ட்ரிகர் ஊசி, முட்டையைக் கடைசியாக முதிர வைப்பது. ராத்திரி 9.30 என்றால் 9.30தான். 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் அது தானாகவே வெளியேறி, போட்ட ஊசியெல்லாம் வீண். கீழே பாத்திரம் கழுவும் சத்தம், மாடியில் கதவைத் தாழிட்டு நாங்கள். இவர் கை நடுங்கியது. ஆச்சி சொன்னதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றேன். "வலிக்குதா?" என்றார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் எங்களுக்குள் பேச்சே மணியும் மருந்தும்தான். சண்டை போட்டாலாவது தேவலை.

11 முட்டை எடுத்தார்கள், 8தான் முதிர்ந்தவை, அதில் 5 கருவாகி, ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடித்தது 2. ஒன்றை உள்ளே வைத்து, இன்னொன்றை உறைய வைத்திருக்கிறார்கள். இப்போது இடுப்பில் எண்ணெய் மாதிரி ஒரு ஊசி, புரோஜெஸ்ட்ரான். உட்கார்ந்தால் உயிர் போகிறது.

நேற்றுத் துணி அடுக்கும்போது இவர் சட்டைக்கடியில் சிறுநீரில் பார்க்கும் கார்டுகள். வீட்டில் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ட்ரிகர் ஊசியில் இருப்பதே கர்ப்ப ஹார்மோன்தான், அதன் மிச்சமே கோடு காட்டி ஏமாற்றுமாம். தெரிந்தும் வாங்கி வைத்திருக்கிறார் மனுஷன்! கோபம் வரவில்லை, உமா. இவரும் ராத்திரி தூங்குவதில்லை போல. கேட்கத்தான் வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுக்கிறார்கள். நீ போன் பண்ணாதே, நானே கூப்பிடுகிறேன். உன் மாமியாரிடம் மட்டும் மூச்சுவிடாதே. அங்கே சொன்னால் ஆச்சி காதுக்கு வர அரை நாள் போதும்.

உன்,
வள்ளி