எரித்தவர் யார் என்பதை இரண்டாம் பக்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள்: பதிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். இளைய வாசகருக்கென்று பழைய கதைகளைப் பேச்சு நடைக்கு மாற்றித் தொகுக்கும் உங்கள் திட்டத்துக்கு என் கதையையும் கேட்டீர்கள், தந்தேன். கதையின் போக்கு மாறாது, சொல்லும் நடை மட்டுமே மாறும் என்று உறுதியளித்தீர்கள், நம்பினேன். அச்சான நூல் சென்ற வாரம் கைக்கு வந்தது. கதையின் போக்கு இரண்டாம் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்தில் உடைந்துகிடப்பதைப் பார்த்த பிறகே இந்த மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான்: மறுபதிப்புக்கு முன், இந்தக் கதையைச் சொல்பவர் யார் என்று முடிவுசெய்துகொண்டு, மாற்றத்தை முதலிலிருந்து மறுபடி செய்யுங்கள்.

கதை உங்களுக்குத் தெரியும். வீடு மூத்த மகளுக்கே என்று எழுதி வைத்துவிட்டுத் தந்தை இறந்துபோகிறார்; அந்தக் கடிதம் ஒரே இரவில் சாம்பலாகிறது. வீட்டில் எல்லாரும் இளைய மகனைச் சந்தேகிக்கிறார்கள். தம்பிமார் பகையாகிவிடக் கூடாது என்று அதை எரித்தவள் மூத்த மகளே என்பது ஒன்பதாம் பக்கத்தில்தான் வெளிப்படுகிறது. இரண்டாம் பக்கத்தில் நான் எழுதியிருந்த வாக்கியம் இது: “விடிவதற்குள் அந்தக் கடிதம் எரிக்கப்பட்டிருந்தது.” உங்கள் நூலில் அது இப்படி ஆகியிருக்கிறது: “விடியறதுக்குள்ள அந்த லெட்டரை எரிச்சுட்டா.”

பெண்பால் விகுதியின் ளகரம் பேச்சில் விழுந்துவிட்டாலும், எஞ்சி நிற்கும் அந்த ஆகாரம் ஒன்பது பக்கக் கதையை இரண்டாம் பக்கத்தில் முடித்துவைக்கப் போதுமானது. மாற்றியவர் கதையைக் கடைசி வரை படித்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த அளவில் எனக்கு மகிழ்ச்சியே.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட முடியாது. எழுத்துத் தமிழில் செயப்பாட்டு வினை உண்டு; செய்தவரைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லிவிட்டு நகரலாம். பேச்சில் அந்த வசதி அநேகமாகக் கிடையாது. வாய் திறந்து சொல்பவர், செய்தவர் ஆணா, பெண்ணா, பலரா என்று வினைமுற்றிலேயே காட்டியாக வேண்டும். ‘எரிச்சுட்டான்’ என்றால் பொய். ‘எரிச்சுட்டா’ என்றால் கதை முடிந்தது. ‘யாரோ எரிச்சுட்டாங்க’ என்று எழுதியிருக்கலாமே என்பீர்கள். இலக்கணப்படி அது சரியே. ஆனால் செயப்பாட்டு வினை வாய் மூடி நிற்கிறது. ‘யாரோ’ என்ற சொல்லோ ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்கிறது. எல்லாம் தெரிந்த ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால், கடைசிப் பக்கத்தில் வாசகர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். ஆகவே ‘யாரோ’ என்று எழுதலாமா கூடாதா என்பதுகூடச் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தது. எழுத்து நடையில் கதைசொல்லிக்கு உடம்பு வேண்டியதில்லை. எங்கும் இருப்பார், எல்லார் மனத்துக்குள்ளும் புகுவார், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பேச்சு நடைக்கு வந்தவுடன் அவருக்கு வாய் முளைத்துவிடுகிறது. வாய் இருந்தால் வயது, உறவு, யாரிடம் சொல்கிறார், எதைக் கண்ணால் பார்த்தார், எதைக் காதால் கேட்டார் என்பதெல்லாம் கூடவே வரும். உங்கள் நூலில் பேசுகிற அந்த ஆள் யார் என்று எட்டு முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

இளைய மகனையே பேசவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அந்த வாக்கியம் இப்படி வந்தது: “விடிஞ்சு அடுப்படிக்குப் போனா, அடுப்புல காகிதச் சாம்பல். ஓரத்துல அப்பாவோட கையெழுத்து பாதி எரியாம நின்னுச்சு. எல்லாரும் திரும்பி என்னத்தான் பாத்தாங்க.” எரித்தவரைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை, பொய்யும் இல்லை, அவன் கண்டதை மட்டும் சொல்கிறான். சந்தேகத்துக்கு ஆளானவனே பேசுவதால் அவன் சொல்வதை நம்பலாமா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. கடைசிப் பக்கத்தில் சிக்கல் வேறு: நள்ளிரவில் அக்கா தனியாக எழுந்து கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை அவன் பார்த்திருக்க முடியாது. அதற்கும் பேச்சுத் தமிழில் வழி இருக்கிறது. “ரெண்டு மணிக்கு எந்திரிச்சாளாம். கடுதாசியக் கண்ணுல ஒத்திக்கிட்டாளாம்” என்று அந்த ‘ஆம்’ ஒன்றைச் சேர்த்துவிட்டால், அது அக்கா பின்னாளில் அவனிடம் சொன்னது என்பது தானாகவே விளங்கிவிடும். நிகழ்ச்சி எதுவும் கூடவில்லை, குறையவில்லை, வரிசையும் மாறவில்லை. உங்கள் நூலில் அதே இடத்தில் “ரெண்டு மணிக்கு அவ எழுந்தா” என்றிருக்கிறது. பார்த்தது யார்?

வாக்கியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். “முந்தைய நாள் தபாலில் வந்த, இன்னும் பிரிக்கப்படாத, தந்தையின் கையெழுத்தைத் தாங்கிய கடிதம்” என்று பெயரெச்சங்களை முன்னால் அடுக்கி நான் எழுதியதை, “நேத்து தபால்ல வந்த, இன்னும் பிரிக்காத, அப்பா கையெழுத்தைத் தாங்குன லெட்டர்” என்று விகுதிகளை மட்டும் உரித்து வைத்திருக்கிறீர்கள். யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பேசுகிறவர் அதையே துண்டுதுண்டாக இறக்கி வைப்பார்: “நேத்து ஒரு லெட்டர் வந்துச்சு. அப்பா கையெழுத்து. யாரும் பிரிக்கல.” ஒரே பக்கத்தில் வந்துச்சு, வந்திச்சு, வந்தது என்று மூன்று விதமாக அச்சிட்டிருப்பதை மெய்ப்புப் பார்த்தவரின் கணக்கில் விட்டுவிடுகிறேன். ஆனால் கதைக்குள் வரும் தந்தையின் கடிதத்தையும் பேச்சு நடைக்கு மாற்றியதை விட முடியவில்லை. வீட்டில் எப்படிப் பேசினாலும், அந்தத் தலைமுறை மனிதர் பேனாவை எடுத்தால் எழுத்துத் தமிழில்தான் எழுதுவார். கதை முழுவதும் பேச்சாக இருக்கும்போது அந்தக் கடிதம் மட்டும் அவருடைய தமிழில் நின்றிருந்தால், இறந்தவரின் குரல் தனியாகக் கேட்டிருக்கும்.

பேசத் தெரிந்தவரெல்லாம் பேச்சுத் தமிழ் எழுதிவிடலாம் என்ற எண்ணம் பதிப்புலகில் எப்படி வேரூன்றியது என்று தெரியவில்லை. எழுத்துத் தமிழில் ஓர் ஒற்று மிகாவிட்டால் மூன்று பேர் வட்டமிடுகிறார்கள். பேச்சுத் தமிழில் கதையே கவிழ்ந்தாலும் ‘எளிமையாக இருக்கிறது’ என்று பாராட்டு வருகிறது. பின்னட்டையில் ‘பாட்டி கதை சொல்வதைப் போல’ என்று போட்டிருக்கிறீர்கள். முடிவை முதலிலேயே உளறும் பாட்டியிடம் பேரப்பிள்ளைகள் இரண்டாம் முறை கதை கேட்பார்களா?

மன்னிக்கவும், சற்றுக் கடுமையாகிவிட்டேன். பேச்சு நடைக்கு நான் எதிரி அல்ல. எதிரியாக இருந்தால் கதையையே தந்திருக்க மாட்டேன். சொல்பவரை முடிவுசெய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள் என்றுதான் கேட்கிறேன். இளைய மகன் வேண்டாமென்றால் வேறொருவரைத் தேர்ந்தெடுங்கள், எனக்கு மறுப்பில்லை. அந்த ஆளுக்கு எது எப்போது தெரியவந்தது என்பதை மட்டும் முதலில் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பிறகு மாற்றத்தைத் தொடங்குங்கள். மாற்றிய படியை அச்சுக்கு முன் எனக்கு அனுப்பினால், ஊதியம் ஏதுமின்றி ஒரே வாரத்தில் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். அதுவரை இரண்டாம் பக்கத்து அந்த ஒரு வரியையாவது, கைவசமுள்ள படிகளில் திருத்தச் சீட்டு ஒட்டிச் சரிசெய்ய வேண்டுகிறேன். சீட்டில் அச்சிட வேண்டிய வரி: “விடிஞ்சு பாத்தா, அடுப்புல காகிதச் சாம்பல்தான் கெடந்துச்சு.”

இப்படிக்கு,
அந்தக் கதையை எழுதியவர்