‘தொடங்கிய 7 நாட்களுக்குள்’ என்றால் எந்த நாளிலிருந்து? சென்னைப் பயிற்சி மைய உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

என் அண்ணன் மகள் வடபழனியில் ஒரு மையத்தில் கணக்கியல் வகுப்பில் சேர்ந்தாள். கட்டணம் 20,000 ரூபாய், ஜிஎஸ்டி 3,600. வகுப்பு 3ஆம் தேதி தொடங்கியிருந்தது. இவள் பணம் கட்டிச் சேர்ந்தது 6ஆம் தேதி. வேறு ஊரில் வேலை கிடைத்ததால் 12ஆம் தேதி விலகல் கடிதம் கொடுத்தாள். ரசீதின் பின்புறம் இருந்தது ஒரே வரி: “வகுப்பு தொடங்கிய 7 நாட்களுக்குள் விலகினால் கட்டணம் திருப்பித் தரப்படும்.” மையம் 3ஆம் தேதியிலிருந்து எண்ணியது, அவள் 6ஆம் தேதியிலிருந்து எண்ணினாள். பணம் வரவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்த வரிதான் இரண்டு அர்த்தத்துக்கும் இடம் கொடுத்தது.

அதை இப்படி எழுதியிருக்கலாம்: “மாணவர் கலந்துகொள்ளும் முதல் வகுப்பின் தேதி இந்த ரசீதில் குறிக்கப்படும். அந்த நாளையும் விடுமுறை நாட்களையும் சேர்த்து, ஏழாம் நாள் இரவு 12 மணிக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால், பதிவுக் கட்டணம் 1,000 ரூபாயும் அதற்கான வரியும் போக மீதி திருப்பித் தரப்படும்.” இவளுக்கு ஏழாம் நாள் 12ஆம் தேதி. சண்டைக்கே இடமிருந்திருக்காது.

ஏழு நாள் கடந்தால் ஒன்றுமே கிடையாது என்பதும் சரியல்ல. மறுதரப்பு அடைந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் மீது சுமத்தும் ஒப்பந்தத்தை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்றது என்கிறது. நடக்காத வகுப்புகளுக்குக் கணக்குப் போடுங்கள். பதிவுக் கட்டணம் போக 19,000 ரூபாய், மொத்தம் 40 வகுப்பு என்றால் ஒரு வகுப்புக்கு 475. பத்து வகுப்பு முடிந்து விலகினால் மீதி முப்பதுக்கு 14,250. அதற்கான வரி 2,565 சேர்த்து 16,815 ரூபாய். ஆனால் எண்ண வேண்டியது கடிதம் கிடைக்கும்வரை நடந்த வகுப்புகளை. மாணவர் வந்த வகுப்புகளை மட்டும் அல்ல. அவர் வராத நாளிலும் இருக்கை அவருக்காகத்தானே காத்திருந்தது? உங்கள் பக்க நியாயமும் இதில் இருக்கிறது. இந்தக் கணக்கை ஓர் உதாரணத்தோடு ரசீதிலேயே அச்சிடுங்கள்.

“வரியை அரசுக்குக் கட்டிவிட்டோம்” என்று பலர் கைவிரிக்கிறார்கள். வரவுக் குறிப்பு வெளியிட்டு அந்த வரியைச் சரிசெய்துகொள்ள ஜிஎஸ்டி சட்டம் வழி தருகிறது; அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

“தேதியை மாற்ற மையத்துக்கு உரிமை உண்டு” என்ற வரியும் பல ரசீதுகளில் இருக்கிறது. எத்தனை நாள் வரை என்று அதில் இருக்காது. பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினாலோ, வகுப்பையே கைவிட்டாலோ, பதிவுக் கட்டணமும் சேர்த்து முழுத்தொகையும் 10 நாட்களுக்குள், பணம் வந்த வங்கிக் கணக்குக்கே திரும்பும் என்று எழுதுங்கள். பணம் வாங்கும் முன் அந்தத் தாளை மாணவர் கையில் கொடுத்துப் படிக்க விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் சித்தப்பா, சென்னை