எலுமிச்சைத் துண்டும் டீ நேரமும்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் நேற்று வந்தது. மகளுக்கு ஹீமோகுளோபின் 11.3 என்று படித்ததும் எனக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய நினைவு வந்துவிட்டது. இந்த வயதில் அது 12 இருக்க வேண்டும். 11-க்கும் 12-க்கும் நடுவில் இருந்தால் லேசான இரத்தசோகை என்பார்கள். என் மூத்தவளுக்குப் பதினான்கு வயதில் 11.1 இருந்தது.

அன்று மாலையே மாதுளையும் பீட்ரூட்டும் வாங்கிக் குவித்தேன். சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தம் ஊறச் செய்யும் என்ற நம்பிக்கைதான். உண்மையில் 100 கிராம் மாதுளையில் அரை மில்லிகிராம் இரும்புச்சத்துகூடக் கிடையாது. அதே எடை காய்ந்த கொண்டைக்கடலையில் 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனால் கடலையில் இருப்பது முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடாது. பயறு, கீரை, கேழ்வரகு இவற்றின் இரும்பில் கொஞ்சம்தான் குடல் வழியாக உள்ளே போகும். கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கொஞ்சம் கூடும் அல்லது குறையும். எங்கள் வீட்டில் நான் மாற்றியது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

மாலை நேரத்தையே எடுத்துக்கொள். பள்ளி விட்டு வந்ததும் அவளுக்குச் சுண்டலும் டீயும் சேர்த்துக் கொடுப்பேன். நல்லதைத்தான் கொடுக்கிறோம் என்று நினைத்திருந்தேன். டீயின் துவர்ப்பு இருக்கிறதே, அது சுண்டலில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டுவிடுமாம். உடம்பில் சேர வேண்டியது பாதிக்கும் கீழே போய்விடும். காபியும் அப்படித்தான். இப்போது வந்தவுடன் ஒரு கிண்ணம் சுண்டல் மட்டும். அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்து, கிடைத்தால் மாங்காய் துருவிப் போடுகிறேன். இரும்பை உடம்பில் சேரவைப்பது இவற்றின் வைட்டமின் சி, கொதிக்கும்போது பிழிந்தால் அது வீணாகிவிடும். டீயோ பாலோ ஒரு மணி நேரம் கழித்துத்தான். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு பழகிவிட்டது.

பள்ளி டப்பாவில் தினமும் தயிர்சாதம்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளை அரிசியில் இரும்பு மிகக் குறைவு, தயிரின் கால்சியமோ இருக்கிற இரும்பையும் சேரவிடாது. அதனால் தயிரை இரவுக்கு மாற்றினேன். மதியத்துக்குக் கொண்டைக்கடலை போட்ட சாதம், முளைகட்டிய பச்சைப்பயறுப் பொரியல், கொள்ளுப் பொடி சாதம் என்று மாற்றி மாற்றி வைக்கிறேன். முதல் நாள் இரவு ஊறவைத்து, மறுநாள் துணியில் கட்டித் தொங்கவிட்டால் அதற்கடுத்த காலை முளை எட்டிப் பார்க்கும். முளைவிட்ட பயறிலிருந்து இரும்பு எளிதாகச் சேரும். டப்பா மூலையில் ஒரு எலுமிச்சைத் துண்டு. அவளே பிழிந்துகொள்வாள்.

கீரையை டப்பாவில் வைக்காதே. மதியத்துக்குள் கறுத்து வாடை வந்துவிடுகிறது. நான் வைத்த நாளெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. முருங்கைக்கீரையை அடைமாவில் கலந்து வாரம் மூன்று நாள் காலையில் சுட்டுக் கொடுக்கிறேன், தக்காளிச் சட்னியோடு. மற்ற நாளில் கேழ்வரகு தோசை. பதினோரு மணி இடைவேளைக்கு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கொய்யா நறுக்கி வைத்துவிடு. உங்கள் வீட்டில் அசைவம் உண்டே, வாரம் ஒருநாள் ஈரல் வறுவல் செய். அந்த இரும்பு பயறில் உள்ளதைவிட நன்றாகச் சேரும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஒரு கிண்ணம் சுண்டலில் 2 மில்லிகிராம்தான் தேறும். மாதாமாதம் இழப்பு வேறு இருக்கும்போது, குறைந்துபோனதைச் சாப்பாடு மட்டும் ஈடுகட்டாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்தாதே. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையும் இரும்புதான், ஆனால் அது இரத்தசோகை வராமல் தடுப்பதற்கானது. அதை வாங்கிக்கொள்கிறாள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடு. மாத்திரையைப் பாலோடு கொடுக்காதே. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து அவள் பயப்படலாம், அது மாத்திரையால்தான். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல். பூச்சி மாத்திரை ஆறு மாதத்துக்குள் கொடுத்தாயா என்றும் யோசித்துப் பார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார். என் மகளுக்கு அப்போது 11.8, மூன்றாம் மாதம் 12.4. ஒழுங்காகப் போட்டும் எண் அசையவில்லை என்றால் இரும்புக் குறைவு காரணமாக இல்லாமல் இருக்கலாம். பி12 குறைவோ, பரம்பரையாக வரும் தலசீமியா கூறோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேள். மாதவிலக்கின்போது இரண்டு மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா என்று அவளிடம் தனியாக உட்கார்ந்து விசாரி. என் மகள் அதை நான் கேட்கும்வரை சொல்லவே இல்லை.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுது. அடைமாவுக்குக் கீரை எவ்வளவு என்று கேட்டிருந்தாயே, நாலு பேருக்கு இரண்டு கைப்பிடி ஆய்ந்த இலை போதும்.

அன்புடன்,
மீனா