பழைய நூல்களைப் படமெடுத்து அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நீங்கள் ஊர் ஊராகப் போய்ப் போனில் எடுத்து அனுப்பும் பக்கங்களை, படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருளான எழுத்துணரியில் ஓட்டி, மெய்ப்புப் பார்க்கும் ஆள் நான். போன மாதம் வந்த கைவைத்திய நூலில் 'பல் வலிக்கு' என்றிருந்த இடம் 'பல வலிக்கு' என்று வந்தது. இரண்டு பக்கம் தள்ளி, 'பல நோய்' என்பது 'பல் நோய்' ஆகியிருந்தது. இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் பிழைதிருத்தி வாயே திறக்கவில்லை. மூலத்தோடு ஒப்பிட்டதால்தான் கண்ணில் பட்டது.

காரணம் தேடிப் போனால், அந்தப் பக்கங்களுக்கு நீங்கள் அனுப்பியது போன் எடுத்த படமே இல்லை. ஸ்கேனர் செயலி ஒன்று 'சுத்தம்' செய்து கொடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு பிக்சலும் கறுப்பா வெள்ளையா என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அந்த நூலின் எழுத்தளவில், அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி நாலைந்து பிக்சல் அகலம்தான் வரும். மை மங்கிய புள்ளியைச் செயலி தூசி என்று துடைத்துவிடும். இன்னொரு பக்கம், தாளின் பழுப்புக் கறையைப் புள்ளியாக்கி எழுத்தின் தலையில் வைத்துவிடும். அதற்குப் பிறகு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

அதனால் முதல் வேண்டுகோள்: போன் எடுத்த மூலப்படத்தையே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்; ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கோணலையும் நிழலையும் நான் பார்த்துக்கொள்கிறேன். பளபளப்பை மட்டும் என்னால் சரிசெய்ய முடியாது. ஏன் இந்தப் பாகுபாடு என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமான மடல்.

கோணல் எளிது. சாய்வாக எடுத்தால் பக்கம் சரிவகமாகத் தெரியும். நான்கு மூலைகள் எங்கே என்று தெரிந்தால் அதை நேர்ச்செவ்வகமாக இழுத்துவிடலாம். டெம்மி அளவுப் பக்கம் என்றால் 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். 300 பிக்சல் வீதம் 1650-க்கு 2550 என்ற கட்டத்துக்குள் அது வந்து உட்கார வேண்டும். ஆகவே நான்கு மூலைகளும் படத்துக்குள் இருக்கட்டும், சுற்றிக் கொஞ்சம் மேசையும் தெரியட்டும். மூலையை வெட்டி அனுப்பினால் ஊகித்துத்தான் இழுக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு தட்டையான தாளுக்கு மட்டுமே. தையல் பக்கம் தாள் வளைந்திருந்தால், வெளி ஓரத்தில் நேராக ஓடும் வரி உள்ளே போகப் போக வளைந்து கீழிறங்கும் அல்லது மேலேறும். எழுத்துணரி அங்கே இரண்டு வரிகளைக் கலந்து படிக்கும். இதற்காக யாரோ கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்தியிருக்கிறீர்கள். நல்ல யோசனைதான், ஆனால் எல்லாப் பக்கத்திலும் டியூப்லைட் தெரிகிறது! நூலை முழுக்க விரிக்காமல், ஒரு பக்கத்தை மேசையில் கிடத்தி, எதிர்ப் பக்கத்தைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். தையலும் பிழைக்கும்.

அடுத்து நிழல். 47ஆம் பக்கத்தில் உங்கள் போனின் நிழல் பாதிப் பக்கத்தை மூடியிருந்தது. வெளிச்சமான பாதியில் தாளின் வெண்மை 210, மை 50. நிழலில் தாள் 90, மை 21. (0 என்றால் முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை.) பக்கம் முழுவதற்கும் 120 என்று ஒரே எல்லைக்கோடு போட்டால் நிழலில் இருக்கும் தாளே கறுப்பாகிவிடும். ஆனால் வகுத்துப் பாருங்கள்: 50-ஐ 210-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.24, 21-ஐ 90-ஆல் வகுத்தால் 0.23. நிழல் தாளையும் மையையும் ஒரே விகிதத்தில்தான் இருட்டாக்குகிறது. எழுத்து அங்கேயே பத்திரமாக இருக்கிறது. ஆகவே எழுத்தை அழித்துவிட்டால் வெறும் தாள் எப்படி இருக்கும் என்று முதலில் கணித்து, படத்தை அதனால் வகுத்தால் போதும்:

```python
import cv2, numpy as np
g = cv2.imread("p47.png", 0)
bg = cv2.dilate(g, np.ones((15, 15), np.uint8))
bg = cv2.medianBlur(bg, 51)
out = cv2.divide(g, bg, scale=255)
cv2.imwrite("p47_out.png", out)
```

கோணலை நேராக்கிய பிறகுதான் இதை ஓட்டுகிறேன். வருவது சாம்பல் படம்தான். கறுப்பு வெள்ளையாக்கும் வேலையை நான் பயன்படுத்தும் எழுத்துணரியான டெசராக்ட்டிடமே விட்டுவிடுகிறேன். இதற்கும் எல்லை உண்டு. 15 என்ற எண் எழுத்துக் கோட்டின் தடிமனைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய தலைப்பெழுத்துகள் உள்ளே வெளுத்து, வெறும் ஓரக்கோடாக நிற்கும். படங்கள் இருக்கும் பக்கத்திலும் இது ஆகாது. கை பக்கத்தை ஒட்டியிருந்தால் விழும் கூர்மையான நிழல் விளிம்பும் ஒரு கோடாக மிஞ்சிவிடும். போனின் நிழல் மெதுவாக மங்கும், அது பரவாயில்லை. விரலை மட்டும் எழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

இப்போது பளபளப்பு. வழுவழுப்பான தாளிலோ கண்ணாடியிலோ விளக்கு நேராகப் பிரதிபலித்தால் அந்த இடத்தில் தாளும் 255, மையும் 255. 255-ஐ 255-ஆல் வகுத்தால் வெள்ளைதான் வரும், எழுத்து வராது. இதில் மோசம் என்னவென்றால், மேலே சொன்ன வேலை முடிந்ததும் அந்த இடம் சுத்தமான வெற்றுத்தாள் போலவே தெரியும். எழுத்துணரி பிழையாகப் படித்தாலாவது எனக்குத் தெரிந்துவிடும். இங்கே அது நாலு சொல்லைத் தாண்டிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. அந்த வைத்திய நூலில் இப்படி ஒரு கஷாயத்தின் அளவே காணாமல் போயிருந்தது.

எடுத்த உடனே நீங்களே சோதிக்கலாம். வெளுத்த இடத்தை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலாகவாவது எழுத்து தெரிந்தால் நான் மீட்டுவிடுவேன். சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தால் போனது போனதுதான்.

அப்படி இருந்தால் நூலை அசைக்காமல், போனை ஒரு சாண் நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள். பளபளப்பும் கூடவே நகர்ந்து வேறு இடத்துக்குப் போகும். முதல் படத்தில் மறைந்த வரி இரண்டாவதில் வெளியே வரும். இரண்டையும் ஒரே 1650-க்கு 2550 கட்டத்துக்குள் இழுத்து, நிழலையும் நீக்கிவிட்டு, வெளுத்த இடத்தை மட்டும் இரண்டாவது படத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறேன். இரண்டு படங்களிலும் எது இருட்டான பிக்சலோ அதை எடுத்துப் பக்கம் முழுவதையும் சேர்க்கும் வழியையும் முயன்றேன். ஆனால் ஓரிரு பிக்சல் பிசகினாலே எழுத்து தடித்து, புள்ளி கீழே எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மறுபடியும் 'பல வலி'தான்.

பிளாஷை அணைத்துவிடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் கடைசியாக வந்த படத்தொகுப்பில் பாதிப் பக்கங்களில் அது நடுவில் நிலா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பகலில் சன்னலோரம் மேசையைப் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி வைத்து எடுங்கள்.

வைத்திய நூலில் மீண்டும் எடுக்க வேண்டியவை 12, 31, 58 ஆகிய மூன்று பக்கங்கள் மட்டுமே. 47-ஐ விட்டுவிடுங்கள், அது சரியாகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் மெய்ப்புக்காரன்