உன் முதல் கேப்ஷனைப் படித்தேன் கண்ணு

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய கேக் படமும், ஆர்டர் பிடிக்க இன்ஸ்டாகிராமில் அதற்குக் கீழே போட எழுதிய வரிகளும் வந்தன. படம் அருமை, கேக்கின் மேலே இருக்கிற சர்க்கரை மாவுச் சிங்கத்தின் பிடரிமயிரைக் கத்தரிக்கோல் நுனியால் வெட்டி எடுத்திருக்கிறாய் என்று பார்த்தவுடன் தெரிந்தது. எழுத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், அதனால் எழுதுகிறேன். இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இத்தனை வருஷம் பக்கத்து வீடுகளுக்கு கேக் செய்து கொடுத்தவள் நான், ஆர்டர் கேட்பவர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

உன் முதல் வரி, "ஒவ்வொரு கொண்டாட்டத்தையும் இனிமையாக்க ஒரு சிறு கனவு பிறந்திருக்கிறது". இன்ஸ்டாகிராம் கேப்ஷன் முழுவதையும் காட்டாது. ஏறத்தாழ 125 எழுத்து வந்ததும் நிறுத்தி more என்று போட்டுவிடும், போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் அதைத் தொடமாட்டார்கள். ஆக அவர்கள் கண்ணில் படுவது அந்தக் கனவு மட்டும்தான். நீ லெனேசியாவில் இருக்கிறாய் என்பதோ, இது விற்பனைக்கு என்பதோ அதில் இல்லை. நான்கு தெரு தள்ளி இருக்கிற ஒரு அம்மா, அடுத்த சனிக்கிழமை மகனுக்குப் பிறந்தநாள் வைத்திருப்பவள், இதைப் பார்த்து "அழகா இருக்கு" என்று ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விடுவாள். ஊர்ப் பெயரும் "பிறந்தநாள் கேக்" என்ற சொல்லும் முதல் வரியிலேயே வர வேண்டும். ஜோஹானஸ்பர்க் என்று போடாதே, அது பெரிய ஊர், மிட்ராண்டிலிருந்து ஒருவர் கேட்டால் நீ கேக்கைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவாய்? லெனேசியா என்று போடு, லொகேஷனிலும் அதையே வை.

அடுத்தது விலை. "விலைக்கு மெசேஜ் அனுப்பவும்" என்று எழுதியிருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விலை கேட்பதே கூச்சம், கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது அதைவிடக் கூச்சம், அதனால் கேட்கவே மாட்டார்கள். ஆனால் "480 ரான்டிலிருந்து" என்று மட்டும் போட்டாலும் தப்புதான். ஏனென்றால் உன் படத்தில் இருப்பது 480 ரான்ட் கேக் இல்லை. இருபது சென்டிமீட்டர் வட்டம், இரண்டு அடுக்கு ஸ்பாஞ்ச், பட்டர்கிரீம், பெயர், இவ்வளவுக்குத்தான் நீ 480 என்று கணக்குப் போட்டாய். மேலே உட்கார்ந்திருக்கிற ஃபாண்டன்ட் சிங்கத்துக்கு உன் இரண்டு சாயங்காலம் போயிருக்கிறது. படத்தைப் பார்ப்பவர் சிங்கத்தையும் சேர்த்துத்தான் 480 என்று நினைப்பார், வாங்க வரும்போது முகம் மாறும். இங்கே நம் தெருவிலேயே ஒருவருக்கு இதனால் வாசலில் வாக்குவாதம் வந்தது. அதனால் எந்த கேக்கின் படமோ அந்த கேக்கின் விலையை முதலில் எழுது, சிங்கம் இல்லாத விலையை அடுத்து எழுது.

அளவைச் சென்டிமீட்டரில் சொன்னால் யாருக்கும் புரியாது. எத்தனை பேருக்கு என்று சொல். அந்த அளவு கேக்கைப் பார்ட்டித் துண்டாக வெட்டினால் இருபது பேருக்கு வரும்.

எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை நீ எழுதவே இல்லை. அது இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் "நாளைக்கு வேணும்" என்று வந்து நிற்பார்கள், பக்கத்து வீடு என்பதால் மறுக்கவும் முடியாது. சாதாரண கேக்குக்கு மூன்று நாள் போதும். பொம்மை வைத்த கேக்குக்கு ஏழு நாள் கேள், ஃபாண்டன்ட் இறுக டைலோஸ் பொடி கலந்தாலும் பொம்மை இரண்டு மூன்று நாள் காய்ந்தால்தான் கால் மடியாமல் நிற்கும்.

போன் நம்பரைக் கேப்ஷனில் போட்டால் தொட்டு அழைக்க முடியாது, லிங்க் போட்டாலும் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். உன் பயோவில் வாட்ஸ்அப் லிங்க் வை, wa.me/27 என்று அடித்து, முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிட்டு நம்பரைச் சேர்த்தால் ஆயிற்று. கேப்ஷனில் "பயோவில் உள்ள லிங்க்கைத் தொடுங்கள்" என்று மட்டும் சொல். வீட்டு நம்பரையும் தெருவையும் எங்கேயும் எழுதாதே. பாதிப் பணம் டெபாசிட் வந்தபிறகு அவருக்கு மட்டும் அனுப்பினால் போதும். அப்புறம் அந்த கேக்கில் பையனின் பெயரும் வயதும் தெரிகிறது. அவன் அம்மாவிடம் கேட்காமல் படத்தைப் போடாதே.

இதையெல்லாம் வைத்து நான் எழுதிப் பார்த்தது இது. நீ ஆங்கிலத்தில் போட்டுக்கொள்.

"லெனேசியாவில் வீட்டிலேயே செய்யும் பிறந்தநாள் கேக். இந்தச் சிங்கக் கேக் 20 பேருக்கு, 750 ரான்ட். சிங்கம் இல்லாமல், பெயர் எழுதி, 480. பொம்மை கேக்குக்கு 7 நாள், மற்றதற்கு 3 நாள் முன்னால் சொல்லுங்கள். பாதிப் பணம் டெபாசிட். வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆர்டருக்கு பயோவில் உள்ள லிங்க்கைத் தொடுங்கள்."

நீ "முட்டையில்லா கேக்கும் உண்டு" என்று எழுதியிருந்ததை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். புரட்டாசி வந்தால் நம் ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான், அதனால் அந்த வரி கட்டாயம் வேண்டும். ஆனால் விரதம் இருப்பவர் முட்டையை மட்டும் பார்த்துக் கேட்பதில்லை, மாமிசம் சம்பந்தப்பட்ட எதுவும் கூடாது. ஸ்பாஞ்சில் முட்டை போடாமல் தயிர் சேர்த்துச் செய்துவிட்டு, மேலே ஜெலட்டின் கலந்த ஃபாண்டன்டைப் போர்த்தினால் அது அவர்களுக்கு ஆகாது. ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டு எலும்பிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ வருவது. கடை ஃபாண்டன்டில் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. மார்ஷ்மெல்லோ உருக்கிச் செய்வதில் பெரும்பாலும் இருக்கும். உன் தெருவில் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன, அவர்களும் இதையேதான் கேட்பார்கள், கூடவே வனிலாவில் ஆல்கஹால் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். ஆனால் சான்றிதழ் இல்லாமல் ஹலால் என்ற சொல்லைப் போடாதே, என்னென்ன சேர்க்கிறாய் என்பதை உள்ளபடி சொல். முட்டை கேக்கும் அதே அடுப்பில்தான் வேகிறது என்பதையும் சேர்த்துச் சொல், அதற்குமேல் அவர்கள் முடிவு.

அதனால் அந்த ஃபாண்டன்ட் டப்பாவின் பின்பக்கத்தையும் வனிலா பாட்டிலின் லேபிளையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. ஜெலட்டின் இருந்தால் முட்டையில்லா கேக்கை பட்டர்கிரீமில் மட்டும் செய்வதாக எழுதிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் "முட்டையும் ஜெலட்டினும் இல்லாமல் செய்து தருவேன்" என்று இரண்டாவது வரியிலேயே போடலாம். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் சனிக்கிழமை காலை நீ போட்டுவிடலாம்.

அன்புடன்,
அம்மா