பூவைப் பார்த்து வாங்கு

அன்பு மகள்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வாங்கின பாரையின் கதை இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு மீனில் ஒன்றின் கண் வெள்ளை படர்ந்திருந்தது, மற்றதின் கண் மினுங்கியது, மினுங்கியதை வாங்கினேன், குழம்பு கொதிக்க வீடெல்லாம் நாறியது என்றாய். நீ விட்டுவிட்டு வந்த மீன்தான் நல்ல மீனோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இங்கே பாசையூரில் விடிய வள்ளத்தால் இறக்கின உடன்மீனின் கண் வெளியே பிதுங்கி, கண்ணாடி போலத் தெளிந்து, நடுமணி கன்னங்கரேலென்று இருக்கும். பழுதாகப் பழுதாகக் கண் மட்டமாகி, பிறகு குழி விழுந்து, மணி சாம்பல் நிறமாகும். ஆனால் கொழும்புக்கு வருவது ஐஸ் மீன். கண்ணில் ஐஸ் நேரே பட்டிருந்தால் நல்ல மீனுக்கும் கண் வெளுக்கும். மினுக்கத்தையும் நம்பாதே. விற்கிறவர் அடிக்கடி தண்ணீர் தெளித்தால் எந்தக் கண்ணும் மினுங்கும். தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கண் மேடாக நிற்கிறதா, பள்ளமாகி விட்டதா என்று பார். விழுந்த குழியைத் தண்ணீரால் நிரப்ப முடியாது.

கண் சந்தேகமாக இருந்தால் செவுள் மூடியைத் தூக்கிப் பூவைப் பார். நான் எப்போதும் கூடுதலாக நம்புவது பூவைத்தான். நல்ல மீனின் பூ இரத்தச் சிவப்பாக, இழை இழையாகப் பிரிந்து நிற்கும். அதில் இருக்கும் வழுவழுப்பு தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பிறகு சிவப்பு மங்கி மண்ணிறமாகும், சாம்பலாகும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, வழுவழுப்பு கலங்கிப் பசைபோலாகும். மேலே சிவப்பாகத் தெரிந்தால் ஒரு விரலை உள்ளே விட்டுத் துடைத்துப் பார். சிவப்பு விரலோடு வந்து, கீழே மண்ணிறம் தெரிந்தால் அது பூவின் நிறமில்லை, பூசின இரத்தம். பூவையே வெட்டி எறிந்துவிட்டு வைத்திருக்கும் முழு மீனை நான் வாங்குவதில்லை.

பூவைப் பார்க்கும்போதே அந்த இடத்தை மணந்தும் பார், நாற்றம் முதலில் அங்கேயும் வயிற்றிலும்தான் தொடங்கும். உடன்மீனில் மீன் நாற்றமே இராது, கடல் தண்ணீரும் பாசியும் கலந்த மணம்தான் இருக்கும். நாங்கள் மீன் நாற்றம் என்று சொல்வது, செத்த மீனின் சதையில் கிருமிகள் வேலை செய்து உண்டாக்குவது. புளியும் தேசிக்காயும் அந்த நாற்றத்தைப் பிடித்து அமத்திவிடும், மீனைத் திருப்பி நல்லதாக்காது. அதனால் மணந்து பார்ப்பதென்றால் தேசிக்காய் பூச முதல் பார். சுறாவும் திருக்கையும் மட்டும் வேறு மாதிரி. அவை பழுதானால் மூக்கைக் குத்தும் அமோனியா நெடி வரும்.

கடைசியாகத்தான் கை. பிடித்துச் சில மணித்தியாலத்தில் மீன் கட்டைபோல விறைக்கும், பிறகு தளரும். தளர்ந்த மீனெல்லாம் பழுதில்லை. முதுகில் பெருவிரலால் அழுத்து, குழி உடனே எழும்பினால் சதை உறுதி. விரல் அடையாளம் அப்படியே நின்றால் வைத்துவிட்டு வா. ஐஸில் உறைந்த மீன் எப்படியும் கல்லாகத்தான் இருக்கும், அதற்கு இந்தச் சோதனை சரிவராது. வெட்டின துண்டென்றால் கண்ணும் பூவும் இல்லை. நடுமுள்ளை ஒட்டிப் பார். சதை முள்ளை விட்டுக் கழன்று, ஓரத்து இரத்தம் மண்ணிறமாக இருந்தால் வேண்டாம்.

சூரைக்கு மட்டும் இவ்வளவும் போதாது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மத்தியானம், வெயிலில் கிடந்த சூரையை மலிவென்று வாங்கி வந்தேன். பெரிதாக நாறவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் அப்பாவுக்கு முகம் செக்கச் செவேலென்று சிவந்து, உடம்பெல்லாம் கடித்தது. வாயில் வைக்கும்போதே மிளகு கடித்த மாதிரி நாக்கு எரிந்தது என்று பிறகுதான் சொன்னார். சூரை, கும்பளா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். நாற்றம் வர முதலே அது வந்துவிடலாம், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே இந்த மீன்களை ஐஸுக்குள் இருந்து எடுத்துத் தந்தால் மட்டும் வாங்கு. நாக்கு எரிந்தால் அந்தக் கவளத்தோடு நிறுத்து. சாப்பிட்ட பிறகு மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

அடுத்த ஞாயிறு கடையில் நின்றே பூவைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பு. காலை ஏழு மணிக்கு முதல் போ, நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா